கேஸ் ஸ்டடியின் தலைப்பில் எந்த எண்ணை எழுதுவது, சுருக்கத்தில் எதைச் சொல்வது?

கேள்வி: "நிறுவனங்களின் மாதக் கணக்கை முடித்துக் கொடுக்கும் சேவை நடத்துகிறோம். மூன்று கிடங்குகள் வைத்திருக்கும் ஒரு விநியோக நிறுவனத்தில் முன்பு மாதக் கணக்கு முடிய 15 நாள் ஆகும், இப்போது 6 வேலை நாளில் முடிகிறது. மென்பொருளைக்கூட மாற்றவில்லை. 'வெற்றிக் கதை: முன்னணி விநியோக நிறுவனத்தின் டிஜிட்டல் பயணம்' என்று தலைப்பிட்டுப் பக்கம் போட்டோம். தேடலிலிருந்து யாரும் வருவதில்லை. '60 சதவீதம் வேகம்' என்று தலைப்பை மாற்றலாமா? சுருக்கத்தில் என்ன எழுதுவது?"

பதில்: தலைப்பை மாற்றத்தான் வேண்டும், ஆனால் அந்த 60 சதவீதத்தை எழுதாதீர்கள். அது ஏன் என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இருக்கிறது. நிறுவனங்களுக்கான சேவைகளைப் பற்றிய பக்கங்களைப் பல ஆண்டுகளாக எழுதியும் திருத்தியும் வருகிறேன். உங்களுடையதைப் போல நல்ல வேலையைச் செய்துவிட்டு அதைத் தவறான தலைப்புக்குப் பின்னால் ஒளித்துவைத்த பக்கங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் இப்போதைய தலைப்பை ஒரு நிதி மேலாளரின் இடத்திலிருந்து பாருங்கள். மாதம் பிறந்து பத்து நாள் ஆகியும் போன மாதத்தின் லாப நட்டக் கணக்கு அவர் கைக்கு வரவில்லை. மேலிடத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர் தேடும் பெட்டியில் "வெற்றிக் கதை" என்றோ "டிஜிட்டல் பயணம்" என்றோ தட்டப்போவதில்லை. "மாதக் கணக்கு முடிக்கத் தாமதம்", "மாதக் கணக்கு எத்தனை நாளில் முடிக்கலாம்", "கிடங்கு இருப்பு ஒத்துவராமல் கணக்கு முடியவில்லை" என்பது போலத்தான் தட்டுவார். அதாவது தன் தொல்லையையோ தனக்கு வேண்டிய நிலையையோ எழுதுவார். உங்கள் தலைப்பில் இருக்கும் ஏழு சொற்களில் அவருடைய சொல் என்று ஒன்றுகூட இல்லை. "முன்னணி" என்ற சொல் யாருக்கும் எதையும் சொல்வதில்லை. "விநியோக நிறுவனம்" மட்டுமே பயனுள்ள சொல், அதுவும் எதைப் பற்றி என்று தெரியாமல் தனியாக நிற்கிறது.

அவருடைய சொற்களை எங்கிருந்து எடுப்பது என்றால், உங்கள் விற்பனைக்காரரின் மின்னஞ்சல் பெட்டியிலிருந்து. கடைசியாக வந்த இருபது, முப்பது விசாரணைகளின் முதல் மின்னஞ்சலை மட்டும் எடுத்து, அவர்கள் பிரச்சினையைச் சொல்லும் வாக்கியத்தை அப்படியே ஒரு தாளில் எழுதுங்கள். முதல் மின்னஞ்சல் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டாவது உரையாடலிலிருந்து அவர்கள் உங்கள் சொற்களைப் பேசத் தொடங்கிவிடுவார்கள். "செயல்முறைச் சீரமைப்பு" என்று நீங்கள் சொன்னதை அவர்களும் திருப்பிச் சொல்வார்கள், பிறகு அதுதான் சந்தையின் மொழி என்று நீங்களே நம்பிவிடுவீர்கள். தேடல் சொற்களின் அளவைக் காட்டும் கருவிகள் இந்த இடத்தில் அதிகம் உதவுவதில்லை. இவ்வளவு குறிப்பான தேடல்களுக்கு அவை பெரும்பாலும் பூஜ்யம் என்றே காட்டும். பூஜ்யம் என்றால் யாருமே தேடுவதில்லை என்று பொருள் அல்ல, கருவி கணக்கில் எடுக்கும் அளவுக்கு இல்லை என்றுதான் பொருள். மாதத்துக்குப் பத்துப் பேர் தேடி, அதில் இருவர் உண்மையிலேயே சேவை வாங்கும் நிலையில் இருந்தால் உங்களைப் போன்ற தொழிலுக்கு அது நல்ல தேடல்.

இப்போது எண்ணுக்கு வருகிறேன். "15 நாள்" என்பது நாட்காட்டி நாள், "6" என்பது வேலை நாள். இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். சனி, ஞாயிறு விடுமுறை என்று வைத்துக்கொண்டால், மாதத்தின் முதல் 15 நாளில் வேலை நாட்கள் 10 அல்லது 11 தான் இருக்கும். ஒன்றாம் தேதி திங்கட்கிழமையில் விழுந்தால் 11, சனிக்கிழமையில் விழுந்தால் 10. இடையில் வேறு விடுமுறை வந்தால் இன்னும் குறையும். ஆக உண்மையான மாற்றம், அதிகபட்சமாகப் பார்த்தாலும், 11 வேலை நாளிலிருந்து 6. குறைந்த நேரம் ஏறக்குறைய 45 சதவீதம், 60 அல்ல. நீங்கள் வேண்டுமென்று செய்த தவறல்ல இது. பழைய எண்ணை வாடிக்கையாளர் வாயால் சொல்லியிருப்பார், புதிய எண்ணை உங்கள் குழு அட்டவணையிலிருந்து எடுத்திருக்கும். ஆனால் மாதக் கணக்கை நடத்தும் எந்த நிதி மேலாளரும் வேலை நாளில்தான் கணக்கிடுவார், பக்கத்தைப் படித்த இரண்டாவது நிமிடத்தில் இதைக் கண்டுபிடித்துவிடுவார். கணக்கைச் சரியாக முடித்துக் கொடுப்போம் என்று சொல்லும் நிறுவனத்தின் தலைப்பிலேயே அளவுகோல் பிசகியிருந்தால், உள்ளே இருக்கும் எதையும் அவர் நம்பமாட்டார்.

சதவீதத்துக்கு இன்னொரு குறையும் உண்டு: அது எங்கிருந்து தொடங்கியது என்பதை மறைத்துவிடுகிறது. 30 நாளிலிருந்து 12 நாளாகக் குறைந்தாலும் 60 சதவீதம்தான், 5 நாளிலிருந்து 2 நாளாகக் குறைந்தாலும் 60 சதவீதம்தான். முதலாவது குழப்பத்தில் இருக்கும் நிறுவனம், இரண்டாவது ஏற்கெனவே ஒழுங்காக நடக்கும் நிறுவனம். "11 வேலை நாளிலிருந்து 6" என்று எழுதினால், 10 நாளில் தவிக்கும் ஒருவர் "இது என் நிலைமை" என்று உடனே அடையாளம் காண்கிறார். ஏற்கெனவே 4 நாளில் முடிப்பவர் கடந்து போய்விடுகிறார். அவர் கடந்து போவதும் உங்களுக்கு நல்லதுதான்.

"முடிந்தது" என்பதற்கு நீங்கள் கொடுக்கும் பொருளையும் உறுதி செய்யுங்கள். பேரேட்டைப் பூட்டிய நாளா, அறிக்கை நிர்வாகத்தின் கைக்குப் போன நாளா? இரண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று நாள் வித்தியாசம் இருக்கலாம். முன்பும் பின்பும் ஒரே புள்ளியை வைத்து அளந்திருக்க வேண்டும். தலைப்பில் இதைச் சொல்ல இடம் இல்லை, சுருக்கத்துக்கு அடுத்த பத்தியில் ஒரு வாக்கியம் போதும்.

எண்ணைப் போலவே வாடிக்கையாளரின் வகையும் தலைப்பில் இருக்க வேண்டும். இதை நான் அனுபவத்தில் கற்றுக்கொண்டேன். சரக்குக் கட்டண பில்களைச் சரிபார்த்து, அதிகம் செலுத்தியதை மீட்டுக் கொடுக்கும் ஒரு சேவைக்கு, மீட்ட தொகையை மட்டும் முன்னிறுத்தி ஒரு தலைப்பு எழுதிக் கொடுத்தேன். பக்கத்துக்கு ஆட்கள் வந்தார்கள், விசாரணைகளும் கூடின. ஆனால் வந்தவர்களில் பெரும்பாலோர் மாதத்துக்கு நாற்பது, ஐம்பது பில் வைத்திருக்கும் சிறிய கடைக்காரர்கள். அந்தச் சேவை ஆயிரக்கணக்கில் பில் இருந்தால்தான் கட்டுப்படியாகும். விற்பனைக் குழு மூன்று மாதம் மரியாதையாக மறுத்துக்கொண்டே இருந்தது. தலைப்பில் "பல கிளைகள்" என்ற இரு சொற்களைச் சேர்த்து, சுருக்கத்தில் பில்களின் எண்ணிக்கையையும் எழுதிய பிறகு விசாரணைகள் குறைந்தன, ஆனால் வந்தவை பேசத்தக்கவையாக இருந்தன.

இவற்றைச் சேர்த்து உங்கள் தலைப்பை எழுதிப் பார்ப்போம். "மாதக் கணக்கை 11-க்குப் பதில் 6 வேலை நாளில் முடிக்கும் பல கிடங்கு விநியோக நிறுவனம்." தமிழ் வாக்கிய அமைப்பு இங்கே நமக்குச் சாதகமாக இருக்கிறது. பெயர்ச்சொல் கடைசியில் வருவதால், விளைவு இயல்பாகவே முன்னால் வந்து நிற்கிறது. தேடல் முடிவில் இடம் போதாமல் தலைப்பின் வால் வெட்டப்பட்டாலும் "மாதக் கணக்கை 11-க்குப் பதில் 6 வேலை நாளில்" என்ற பகுதி தப்பிவிடும். வெட்டுவது எழுத்துகளின் எண்ணிக்கையை வைத்து அல்ல, திரையில் அவை பிடிக்கும் அகலத்தை வைத்து. தமிழ் எழுத்துகள் அகலமானவை, ஆகவே ஆங்கிலத் தலைப்புகளுக்குச் சொல்லப்படும் 60 எழுத்துக் கணக்கைத் தமிழுக்கு நம்ப வேண்டாம். கைபேசியில் தேடிப் பார்த்து அளந்துகொள்ளுங்கள். உங்கள் நிறுவனப் பெயரைத் தலைப்பின் கடைசியில் ஒட்டும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். 2022 அக்டோபர் முதல் கூகுள் கைபேசித் தேடலில் தளத்தின் பெயரைத் தலைப்புக்கு மேலே தனியாகக் காட்டத் தொடங்கியது, பிறகு கணினியிலும் அது வந்துவிட்டது.

அடுத்தது சுருக்கம். இதில் நான் சேர்க்கச் சொல்வது நான்கு செய்திகள்: முன்பு நிலைமை என்ன, தாமதத்துக்கு எது காரணம், இப்போது என்ன, இந்த விளைவு எதற்குப் பொருந்தாது. காரணத்தை எழுதுவதுதான் பலரும் விட்டுவிடுகிற இடம். பல கிடங்குகள் உள்ள விநியோக நிறுவனங்களில் மாதக் கணக்கு இழுப்பதற்கு ஒரு வழக்கமான காரணம், சரக்கு கிடங்குக்கு வந்து இறங்கிவிட்டது, ஆனால் சப்ளையரின் பில் இன்னும் வரவில்லை என்ற பதிவுகள். அவற்றை ஒவ்வொன்றாகத் தேடி, எந்த மாதத்துச் செலவு என்று முடிவு செய்வதற்குள் ஒரு வாரம் போய்விடும். ஒரு கிடங்கிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பிய சரக்கு ஒரு பக்கம் வெளியேறி மறுபக்கம் வராமல் நிற்பதும் இப்படித்தான். உங்கள் வாடிக்கையாளரிடம் இதில் எது தொல்லையாக இருந்ததோ அதைச் சுருக்கத்தில் சொல்லுங்கள். தேடுபவருக்கு அந்த ஒரு வரி, எழுதியவருக்கு உள்வேலை தெரியும் என்பதைக் காட்டிவிடும். அதோடு அந்தக் காரணத்தையே தேடுபவர்களும் உண்டு.

"மென்பொருளை மாற்றவில்லை" என்று நீங்கள் போகிற போக்கில் சொன்னீர்கள். என் கணிப்பில் உங்கள் பக்கத்தின் மிக மதிப்புள்ள சொற்கள் அவைதான். இந்த வகைச் சேவையை வாங்கத் தயங்குவோரின் பெரிய பயம், ஒரு வருடத்துக்கு மென்பொருள் மாற்றும் வேலையில் சிக்கிவிடுவோமோ என்பது. அந்தப் பயத்தை ஒரே வரியில் தீர்க்க முடிகிறது என்றால், அதை ஏழாவது பத்தியில் புதைக்கக் கூடாது.

என் வரைவு இப்படி இருக்கும். நான்காம் மாதம், ஆண்டு இறுதி என்பவை நான் இட்டு நிரப்பியவை. உங்கள் உண்மை விவரத்தை அங்கே வையுங்கள்.

```html
<title>மாதக் கணக்கை 11-க்குப் பதில் 6 வேலை நாளில் முடிக்கும் பல கிடங்கு விநியோக நிறுவனம்</title>
<meta name="description" content="மூன்று கிடங்குகள். சரக்கு வந்தும் பில் வராத பதிவுகளால் 11 வேலை நாள் இழுத்த மாதக் கணக்கு, நான்காம் மாதம் முதல் 6 வேலை நாளில் முடிகிறது. மென்பொருள் மாற்றவில்லை. ஆண்டு இறுதி மாதம் இதில் சேராது.">
```

"ஆண்டு இறுதி மாதம் இதில் சேராது" என்ற வரியைப் பார்த்ததும் உங்கள் விற்பனைக் குழு எதிர்க்கும். நான் அதற்காக வாதாடுவேன். ஆண்டு இறுதியில் தணிக்கைச் சரிக்கட்டல்கள் வரும், 6 நாளில் முடியாது என்பது நிதி மேலாளருக்குத் தெரியும். நீங்கள் சொல்லாவிட்டால், எல்லா மாதமும் 6 நாள் என்று சொல்வதாக எடுத்துக்கொண்டு சந்தேகப்படுவார். சொன்னால் மற்ற பதினொரு மாதங்களின் எண்ணை நம்புவார். "நான்காம் மாதம் முதல்" என்பதும் அப்படித்தான். முதல் மாதமே பலன் கிடைக்கும் என்று எதிர்பார்த்து வருபவர் மூன்றாம் மாதம் கோபத்தோடு பேசுவதைவிட, முதலிலேயே தெரிந்துகொண்டு வருவது இருதரப்புக்கும் நல்லது.

இந்தச் சுருக்கத்தை, பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் தேடுபொறிக்காக எழுதும் மெட்டா டிஸ்கிரிப்ஷனில் மட்டும் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே காட்டப்படும் வரிகளை, தேடிய சொல்லுக்கு ஏற்றபடி கூகுள் பக்கத்தின் உள்ளிருந்தே பலமுறை எடுத்துக்கொள்கிறது. ஆகவே அதே செய்தி பக்கத்தின் முதல் பத்தியாகவும் கொஞ்சம் விரிவாக இருக்கட்டும். தலைப்புக்கும் இது பொருந்தும். 2021 ஆகஸ்டில் கூகுள் தலைப்புகளை உருவாக்கும் முறையை மாற்றியது, பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் பெரிய தலைப்பையும் எடுத்துப் பயன்படுத்தத் தொடங்கியது. அடுத்த மாதம் வெளியிட்ட விளக்கத்தில், ஏறக்குறைய 87 சதவீத முறை, பக்கத்தின் பின்னணியில் எழுதும் தலைப்பான டைட்டில் டேக்கில் இருப்பதையே காட்டுவதாகச் சொன்னது. மிச்சத்தில் நீங்கள் விழாமல் இருக்க, பக்கத்தின் மேலே உள்ள `<h1>` தலைப்பும் டைட்டில் டேக்கும் ஒரே செய்தியைச் சொல்ல வேண்டும். பின்னணியில் "11-க்குப் பதில் 6" என்று வைத்து, பக்கத்தின் மேலே பழைய "டிஜிட்டல் பயணம்" என்ற வரியைப் பெரிய எழுத்தில் விட்டுவைத்தால், தேடலில் பழைய வரியே வந்து நிற்கலாம்.

எது உறுதி, எது ஊகம் என்பதையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். மெட்டா டிஸ்கிரிப்ஷனை வைத்துத் தரவரிசை மாறுவதில்லை, கூகுளே 2009-இல் இதைச் சொல்லிவிட்டது. அது கிளிக் செய்யலாமா என்று மனிதர் முடிவெடுக்க மட்டுமே உதவுகிறது. தலைப்பில் உள்ள சொற்கள், பக்கம் எதைப் பற்றியது என்று கூகுள் புரிந்துகொள்ள உதவுகின்றன என்பதும் உறுதி. ஆனால் தலைப்பில் எண் இருந்தால் கிளிக் கூடும் என்று பொதுவாகச் சொல்லப்படுவதை நான் விதியாக ஏற்கமாட்டேன். பொருத்தமான எண் சரியான ஆளை நிறுத்துகிறது என்பதே என் அனுபவம், அது மொத்தக் கிளிக்கைக் குறைக்கவும் செய்யும். தலைப்பை மாற்றிய உடனே முதல் பக்கத்துக்கு வந்துவிடுவீர்கள் என்றும் சொல்லமாட்டேன்.

ஏனென்றால் பல கேஸ் ஸ்டடிகளின் உண்மையான நோய் வேறு இடத்தில் இருக்கிறது. "எங்கள் வாடிக்கையாளர்கள்" பட்டியலின் மூன்றாம் பக்கத்தில் ஒரு படத்துக்குக் கீழே மட்டும் இணைப்பு இருக்கும், அல்லது முழுக்கதையும் மின்னஞ்சல் முகவரி கேட்கும் படிவத்துக்குப் பின்னால் இருக்கும். படிவத்தைத் தாண்டி கூகுள் படிக்காது. உங்கள் சேவைப் பக்கத்தில், மாதக் கணக்கைப் பற்றிப் பேசும் வாக்கியத்துக்குள்ளேயே "11-க்குப் பதில் 6 வேலை நாளில் முடித்த விநியோக நிறுவனம்" என்ற சொற்களில் இணைப்புக் கொடுங்கள், "மேலும் படிக்க" என்று கொடுக்காதீர்கள். கேஸ் ஸ்டடியின் தலைப்பில் "மாதக் கணக்குச் சேவை" என்ற பொதுச் சொல்லை முன்னிறுத்தவும் வேண்டாம். அந்தத் தேடலுக்கு வர வேண்டியது உங்கள் சேவைப் பக்கம். இரண்டும் ஒரே சொல்லுக்கு நின்றால், வாங்க வந்தவர் தவறான பக்கத்தில் இறங்குவார். பக்கத்தின் முகவரியை இதற்காக மாற்றத் தேவையில்லை.

மாற்றிய தேதியைக் குறித்துவைத்துக்கொண்டு, தேடல் விவரங்களைக் காட்டும் கூகுளின் சர்ச் கன்சோல் கருவியில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் வடிகட்டி, எந்தத் தேடல்களுக்குக் காட்டப்படுகிறது என்று பாருங்கள். "மாதக் கணக்கு முடிப்பு என்றால் என்ன" போன்ற தேடல்கள் நிறைய வந்தால், பக்கத்தின் உடலில் பாடம் நடத்தும் பகுதி அதிகமாகிவிட்டது என்று பொருள். வருபவர்கள் மாணவர்கள், வாங்குபவர்கள் அல்ல. அந்தப் பகுதியைக் குறைத்துவிடுங்கள். தாமதம், வேலை நாள், கிடங்கு இருப்பு என்ற சொற்களோடு தேடல்கள் வரத் தொடங்கினால், இடம் பதினைந்தாவதாக இருந்தாலும் திசை சரிதான். மிக அரிதான தேடல்களை, தேடியவரின் தனியுரிமைக்காக, கூகுள் அந்தப் பட்டியலில் காட்டுவதில்லை. எனவே பட்டியலில் உள்ள கிளிக்குகளைக் கூட்டினால் மேலே காட்டும் மொத்தத்தைவிடக் குறைவாக வரலாம், பதற வேண்டாம். உங்களுக்கு வேண்டியவர்கள் பெரும்பாலும் அந்த மறைந்த பகுதியில்தான் இருப்பார்கள். நாற்பது முறை காட்டப்பட்ட பக்கத்தில் கிளிக் ஒன்றிலிருந்து மூன்றானால் அது முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்த அளவில் அது தற்செயலாகவே இருக்கலாம். மூன்று மாதம் விட்டுப் பாருங்கள். அதைவிட நம்பத்தக்க அளவுகோல், விசாரணை செய்பவரிடம் "எதைப் படித்துவிட்டு எழுதுகிறீர்கள்" என்று விற்பனைக்காரர் கேட்டு எழுதிவைப்பது.

வெளியிடுவதற்கு முன் வாடிக்கையாளரிடம் இரண்டு காரியங்களுக்காகப் பேச வேண்டும். பெயரைப் போடாவிட்டாலும், மூன்று கிடங்குகள் என்ற விவரமே அவர்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு ஆளைக் காட்டிக்கொடுத்துவிடலாம், எனவே தலைப்பையும் சுருக்கத்தையும் அப்படியே அனுப்பி எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். அப்படியே, கடைசி ஆறு மாதங்களில் ஒவ்வொரு மாதக் கணக்கும் எந்தத் தேதியில் பூட்டப்பட்டது என்ற பட்டியலையும், நீங்கள் வருவதற்கு முந்தைய ஆறு மாதங்களின் பட்டியலையும் கேளுங்கள். அவற்றை வேலை நாளாக மாற்றி எண்ணிப் பார்க்கும்போது 6 என்பது ஒரே ஒரு நல்ல மாதத்தின் எண்ணாகவும், மற்ற மாதங்கள் 7 ஆகவும் இருந்தால், தலைப்பில் 7 என்று எழுதுங்கள்.